பட்டியலில் வராத நிரல்

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணினிகளைப் பல வருடம் நான்தான் பார்த்துவந்தேன். இலை எடைக் கணக்கு இருந்த கணினியில், உள்ளே நுழைந்த எவரும் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளும்படியான ஒரு நிரலை என் கையால் எழுதி வைத்தேன். அது ஓட்டை என்று தெரிந்த பிறகும் அதை எடுக்கவில்லை. எழுத்தில் கேட்டபோது மறைத்தேன். தொழிற்சாலையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, ஏனென்றால் தவறு அவர்களுடையது அல்ல.

அந்தக் கணினி ஏன் முக்கியம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள சிறு விவசாயிகள் பறித்துக் கொண்டுவரும் பச்சை இலை அங்கே எடை போடப்படுகிறது. கிலோவுக்குக் குறைந்தபட்சம் என்ன விலை என்பதைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. எத்தனை கிலோ என்பதைச் சொல்வது அந்தக் கணினி. விவசாயியின் கையில் ஒரு இலைச் சீட்டு இருக்கும், ஆனால் மாதக் கடைசியில் பணம் போடப்படுவது கணினியில் உள்ள எண்ணை வைத்துத்தான்.

டெபியன் லினக்ஸில் ஓடிய கணினி அது. எடை மென்பொருள் `edai` என்ற தனிப் பயனரின் பெயரில் இயங்கியது. கணக்குக் கோப்புகள் `/srv/kanakku` என்ற அடைவில் இருந்தன. அலுவலகத்தில் உட்காருகிறவர்கள் எல்லாரும் `office` என்ற ஒரே பெயரில்தான் நுழைவார்கள். அவர்கள் எடையைத் திருத்திவிடக் கூடாது என்பதற்காக, அந்த அடைவை `edai` தவிர வேறு யாரும் திறந்துகூடப் பார்க்க முடியாதபடி பூட்டியிருந்தேன். அதுவரை சரிதான்.

சிக்கல் நகல் எடுப்பதில் வந்தது. தினமும் வேலை முடிந்ததும் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுக்க வேண்டும். `office` பயனரால் அடைவைப் படிக்கவே முடியாது என்பதால், ரூட் கடவுச்சொல் தெரிந்த நான் வர வேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் பக்கம் சாலையில் மரம் விழுவதும் மின்சாரம் போவதும் வழக்கம். இருட்டிய பிறகு தோட்டத்துச் சாலையில் யானை நிற்கும். கணக்கர் கூப்பிடும்போதெல்லாம் போக எனக்கு மனமில்லை. கடவுச்சொல்லைக் கொடுக்கவும் மனமில்லை. அப்போது நான் கையில் எடுத்ததுதான் செட்யுஐடி.

லினக்ஸில் ஒருவர் ஒரு நிரலை இயக்கினால், அது பொதுவாக அவருடைய அதிகாரத்தோடுதான் இயங்கும். அவர் தொட முடியாத கோப்பை அவர் இயக்கிய நிரலும் தொட முடியாது. ஆனால் சில வேலைகளுக்கு இந்த விதி ஒத்துவராது. கடவுச்சொல்லை மாற்றுவது அதற்கு உதாரணம். கடவுச்சொற்களின் சுவடு இருக்கும் `/etc/shadow` கோப்பில் சாதாரணப் பயனர் எழுத முடியாது; எழுத முடியவும் கூடாது. என்றாலும் தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை வேண்டும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி இதற்கு ஒரு வழி கண்டார். கோப்பின் அனுமதிகளோடு இன்னொரு பிட் சேர்த்தார். அந்தப் பிட் உள்ள நிரலை யார் இயக்கினாலும், அது இயக்கியவரின் அதிகாரத்தில் ஓடாமல் கோப்பின் உரிமையாளருடைய அதிகாரத்தில் ஓடும். பெல் ஆய்வகம் இதற்குக் காப்புரிமை கோரி 1979-ல் பெற்றது. பிறகு அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்தது. இன்றும் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இதைப் பார்க்கலாம்:

```
$ stat -c '%A %U %n' /usr/bin/passwd
-rwsr-xr-x root /usr/bin/passwd
```

`x` இருக்க வேண்டிய இடத்தில் `s` இருக்கிறது. உரிமையாளர் ரூட். ஆகவே `passwd` நிரலை யார் தட்டினாலும் அது ரூட்டாக ஓடும்.

தோட்டத்து ஸ்டோர் கீப்பரை நினைத்துக்கொள்ளலாம். உரக்கிடங்கின் சாவி தொழிலாளியிடம் கிடையாது. சீட்டை நீட்டினால், கீப்பர் தன் சாவியால் திறந்து, உரிய மூட்டையை எடுத்துத் தருவார். சாவி கைமாறுவதில்லை, காரியம் நடக்கிறது. ஆனால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் சரிபார்க்க வேண்டும். சீட்டில் எழுதியதையெல்லாம் அப்படியே செய்கிற கீப்பரிடம் சாவி இருப்பதும், தொழிலாளியிடமே சாவி இருப்பதும் ஒன்றுதான். செட்யுஐடி நிரலுக்கு நீட்டப்படும் சீட்டு, தட்டச்சு செய்கிற கட்டளை மட்டும் அல்ல. சூழல் மாறிகள், நிற்கும் அடைவு, ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்புகள், நிரலின் பெயராகக் கொடுக்கப்படும் சொல் உட்பட எல்லாவற்றையும் இயக்குகிறவர்தான் தீர்மானிக்கிறார். அதிகாரம் ஒருவருடையது, சூழ்நிலை இன்னொருவருடையது. ஆபத்து முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு ஏட்டளவில் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

முதலில் நகலெடுக்கும் கட்டளையை ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி, ரூட்டை உரிமையாளராக்கி, `chmod 4755` கொடுத்தேன். அந்த முதல் 4 தான் செட்யுஐடி பிட். `ls` எடுத்துப் பார்த்தால் `s` அழகாகத் தெரிந்தது, ஆனால் நகல் நடக்கவில்லை. ஸ்கிரிப்டுகளின் மேல் உள்ள அந்தப் பிட்டை லினக்ஸ் கண்டுகொள்வதே இல்லை. ஸ்கிரிப்டைத் திறக்கும் கணத்துக்கும் ஷெல் அதைப் படிக்கும் கணத்துக்கும் நடுவில் கோப்பை மாற்றி வைத்துவிட முடியும் என்பது அதற்கு ஒரு காரணம். அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

நான் சி மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதி, அதற்குள்ளிருந்து கட்டளையை இயக்கப் பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. இயக்கியவர் ஒருவர், அதிகாரம் இன்னொருவருடையது என்று கண்டால், ஷெல் தொடங்கும்போதே கூடுதல் அதிகாரத்தைக் கைவிட்டுவிடும். அதுவும் யோசித்து வைத்த ஒரு தடுப்புதான். அதை மீற ஒரு வரி போதும் என்று எனக்குத் தெரியும். `setuid(0)` என்று எழுதினேன். இயக்கியவரும் ரூட்தான் என்று ஷெல்லை நம்பவைக்கும் வரி அது.

```c
#include <stdlib.h>
#include <unistd.h>

int main(void)
{
    setuid(0);
    return system("cp -r /srv/kanakku /media/office/PEN");
}
```

இதை `/srv/bin/nagal` என்று வைத்து, அதே 4755-ஐக் கொடுத்தேன். நகல் ஓடியது. கணக்கர் மகிழ்ந்தார். இரவுத் தொல்லை தீர்ந்தது. கணினி என்னை இரண்டு முறை தடுத்தது, இரண்டு முறையும் அந்தத் தடை எதற்கு என்று கேட்காமல் அதை உடைப்பது எப்படி என்று மட்டும்தான் பார்த்தேன். என் குற்றம் அறியாமை என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச முடியாது.

ஓட்டையைக் கண்டுபிடித்தவன் ஒரு பையன். பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரிக்குப் போகும்வரை சீட்டுப் பதிய பகுதிநேரமாக வந்தவன். அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில், சென்னை சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அந்தப் பக்கமே போகவில்லை. இவன் அண்ணனின் மடிக்கணினியில் அதையே திறந்து திறந்து பழகியிருந்தான்.

ஒருநாள் கேட்டான்: "அண்ணா, இந்த நகல் புரோகிராம் `cp`-ன்னு மட்டும்தானே கூப்பிடுது? அந்த `cp` எங்க இருக்குன்னு அதுக்கு யார் சொல்றது?"

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. முழுப் பாதை இல்லாமல் `cp` என்று எழுதினால், எந்தெந்த அடைவில் தேடுவது என்பதை `PATH` என்ற சூழல் மாறி சொல்லும். அதை அமைப்பவர் நிரலை இயக்குகிறவர். செட்யுஐடி நிரல் தொடங்கும்போது, `LD_LIBRARY_PATH` போன்ற சில அபாயமான மாறிகளை லினக்ஸின் நூலக ஏற்றி தானே அகற்றிவிடும். ஆனால் `PATH`-ஐ அது தொடாது, அது நிரல் எழுதியவரின் பொறுப்பு. பையன் தன் அடைவில் `cp` என்ற பெயரில் ஒரு கோப்பு உண்டாக்கினான். உள்ளே ஷெல்லைத் திறக்கும் வரி மட்டும். `PATH`-ல் தன் அடைவை முன்னால் போட்டுவிட்டு `nagal`-ஐ இயக்கினான். நகல் நடக்கவில்லை. ரூட்டின் `#` குறி வந்து நின்றது.

```
# id
uid=0(root) gid=1000(office) groups=1000(office)
```

குழு இன்னும் `office` என்றே இருக்கிறது, பயனர் மட்டும் ரூட். கடவுச்சொல் எதுவும் கேட்கப்படவில்லை. சீட்டுப் பதிய வந்து உட்காரும் யாரும் அந்தக் கணினியில் எந்த எடையையும் மாற்றலாம், மாற்றிய தடத்தையும் அழிக்கலாம் என்று அந்த ஒரு வரி சொன்னது.

`/bin/cp` என்று முழுப் பாதையைக் கொடுத்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். அந்த ஒரு வழி அடைபட்டிருக்கும், ஆனால் நிரல் பத்திரமாகியிருக்காது. `system` ஒரு ஷெல்லைத் திறக்கிறது. அந்த ஷெல்லும் இயக்குகிறவரின் சூழலையே வாங்கிக்கொள்கிறது. அத்தோடு, எழுதப்போகும் இடமும் அவர் கையில் இருக்கிறது. லினக்ஸ் வடிவில் அமைத்த ஒரு பென் டிரைவில், கணக்குக் கோப்பின் பெயரிலேயே `/etc/passwd`-க்கு ஒரு இணைப்பை முன்கூட்டியே வைத்துவிட்டால், ரூட்டாக ஓடும் `cp` அந்த இணைப்பின் வழியே போய்க் கணினியின் கோப்பையே அழித்து எழுதிவிடும்.

பையனிடம் நான் சொன்னது இதுதான்: "சரிதாம்ப்பா, நான் பாத்துக்கறேன். நீ யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்." அவன் என்னை நம்பினான். அடுத்த மாதம் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். நான் ஒன்றும் செய்யவில்லை. நிரலை எடுத்தால் நகல் நின்றுவிடும், ஏன் நின்றது என்று மானேஜர் கேட்பார், நான் என்ன வைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டிவரும். என் கையைப் பிடித்து நிறுத்தியது அந்த வெட்கம்தான்.

2022 ஜனவரி 25 அன்று, குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் `pkexec` என்ற நிரலில் ஒரு ஓட்டையை வெளியிட்டார்கள். அதன் எண் CVE-2021-4034. பெரும்பாலான லினக்ஸ் வகைகளோடு வரும் செட்யுஐடி நிரல் அது. பிழை அதன் முதல் பதிப்பிலிருந்தே, 2009 மே மாதத்திலிருந்தே அதில் இருந்தது. திறமையானவர்கள் எழுதி, பன்னிரண்டு வருடத்துக்கு மேல் உலகமே பயன்படுத்திய நிரலில் நடந்தது என்பதால், இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு நிரலைத் தொடங்கும்போது, அதன் பெயரும் அதற்கான சொற்களும் ஒரு பட்டியலாகக் கொடுக்கப்படும். நிரலின் பெயராவது முதல் இடத்தில் இருக்கும் என்று `pkexec` எழுதியவர்கள் எண்ணினார்கள். ஆனால் பட்டியலை முழுக்கக் காலியாகவும் கொடுக்க முடியும், அன்றைய லினக்ஸ் அதைத் தடுக்கவில்லை. காலியாகக் கொடுத்தால், முதல் சொல்லைத் தேடும் `pkexec` பட்டியலைத் தாண்டிப் போய், நினைவகத்தில் அடுத்து இருக்கும் சூழல் மாறிகளில் முதலாவதைப் படித்துவிடும். அதை ஒரு நிரலின் பெயர் என்று எண்ணி, அதன் முழுப் பாதையைக் கண்டுபிடித்து, அதே இடத்தில் திரும்ப எழுதியும் வைக்கும். நூலக ஏற்றி தொடக்கத்திலேயே அகற்றிய அபாயமான மாறி ஒன்று இப்படி மறுபடி உள்ளே வந்துவிடுகிறது. `GCONV_PATH` என்ற மாறியை அப்படி நுழைத்துவிட்டால், பிழைச் செய்தியை அச்சிடப் போகும் `pkexec`, எழுத்துக் குறியாக்க மாற்றத்துக்காகத் தாக்குபவரின் நூலகத்தை ரூட் அதிகாரத்தோடு ஏற்றிக்கொள்ளும்.

அந்தச் செய்தி வந்ததும் நான் துடித்துப்போய் வேலை செய்தேன். தொகுப்பு புதுப்பிக்கப்படும்வரை `chmod 0755 /usr/bin/pkexec` கொடுத்து அந்த `s`-ஐ எடுத்தேன், பிறகு புதுப்பித்தேன். எங்கோ இருக்கிற யாரோ செய்த பிழையை அன்றைக்கே திருத்தினேன். என் பிழை அதே கணினியில் அப்படியே இருந்தது.

மானேஜர் செய்தித்தாளில் படித்திருப்பார் போல. "இந்த மாதிரி வேற எதுவும் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கான்னு பாத்து எழுதிக் குடுங்க சார்" என்றார். செட்யுஐடி பிட் உள்ள கோப்புகளையெல்லாம் பட்டியலிட ஒரு கட்டளை உண்டு:

```
find / -xdev -perm -4000 -type f -ls
```

`passwd`, `su`, `sudo`, `mount`, `umount`, `chsh`, `newgrp` என்று வழக்கமாக இருக்க வேண்டியவை வந்தன. `nagal` வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். `-xdev` என்று கொடுத்தால், தேடல் தொடங்கிய பகிர்வை விட்டு அடுத்த பகிர்வுக்குப் போகாது. அந்தக் கணினியில் `/srv` தனிப் பகிர்வு. வட்டு நிறைந்து கணினி நின்றுவிடக் கூடாது என்று நானே அப்படிப் பிரித்திருந்தேன். ஆகவே பட்டியலில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை, பட்டியல் மட்டும் பொய். அதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்த வாக்குமூலத்தில் எனக்கு மிகக் கனமாக இருப்பது இந்த இடம்தான். நிரலை எழுதியது சோம்பல். விட்டுவைத்தது வெட்கம். இது ஏமாற்று.

அதற்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில், ஒரு வயதான விவசாயி தன் இலைச் சீட்டோடு வந்தார். அவர் கையில் இருந்த எடைக்கும் கணினியில் இருந்த எடைக்கும் பொருத்தம் இல்லை. கணக்கர் அவரை என்னிடம் கூட்டிவந்தார். "தம்பி, மெஷின்ல யாராச்சும் மாத்தியிருப்பாங்களா?" என்று பெரியவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

என்னால் "இல்லை" என்று சொல்ல முடியவில்லை. நுழைவுப் பதிவுகள் `/var/log`-ல் இருந்தன. ஆனால் ரூட் அதிகாரம் பெற்ற ஒருவர் அவற்றையும் திருத்த முடியும். கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையும் அவர் விரும்பியபடி மாற்றி வைக்கலாம். யாராவது அந்த ஓட்டையைப் பயன்படுத்தியிருந்தாலும் பதிவுகள் இப்படியே இருக்கும், யாரும் பயன்படுத்தாவிட்டாலும் இப்படியே இருக்கும். அந்தக் கணினி சொல்லும் எதையும் அந்தக் கணினியை வைத்தே உறுதிப்படுத்த முடியாத நிலைக்கு அதை நான் கொண்டுவந்திருந்தேன். பெரியவரின் விஷயத்தில், சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையை எடுத்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. அதே பெயருள்ள இன்னொருவரின் கணக்கில் அவர் எடை பதிவாகியிருந்தது. பதிந்தவரின் கைப்பிழை. பணம் திருத்திக் கொடுக்கப்பட்டது. காகிதம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

அன்று சாயங்காலம் மானேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன்.

திருத்தம் எவ்வளவு சிறியது என்பதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது. நகல் எடுக்க ரூட் அதிகாரம் தேவையே இல்லை. கணக்கைப் படிக்க முடிந்தால் போதும். அதற்கு `kanakku` என்று ஒரு குழு உண்டாக்கி, `office` பயனரை அதில் சேர்த்து, அடைவைக் குழுவுக்குப் படிக்க மட்டும் திறந்துவிட்டால் தீர்ந்தது:

```
chgrp -R kanakku /srv/kanakku
chmod -R g+rX,g-w,o-rwx /srv/kanakku
chmod g+s /srv/kanakku
```

கடைசி வரியில் உள்ள `s` செட்யுஐடி அல்ல. குழுவுக்கான அந்தப் பிட்டை அடைவின் மேல் வைத்தால், உள்ளே புதிதாக உருவாகும் கோப்புகளும் அதே குழுவுக்குச் சேரும். யாருக்கும் கூடுதல் அதிகாரம் வராது. மறுநாள் நகலில் புதுக் கோப்புகள் மட்டும் விடுபட்டன. எடை மென்பொருள் தன் கோப்புகளைத் தனக்கு மட்டும் என்ற அனுமதியோடு எழுதிக்கொண்டிருந்தது. அதன் சேவைக் கோப்பில் `UMask=0027` என்று சேர்த்ததும் சரியானது. `nagal`-ஐ அழிப்பதற்கு முன் `/srv` பகிர்வை `nosuid` என்ற குறிப்போடு ஏற்றினேன். அந்தக் குறிப்பு உள்ள பகிர்வில் `s` இருந்தாலும் பயனில்லை. நிரலை இயக்கிப் பார்த்தபோது அதற்கு ரூட் அதிகாரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அதை அழித்தேன்.

அது போதவில்லை. பல மாதங்கள் ரூட் கதவு திறந்து கிடந்த கணினியை, கதவைச் சாத்திவிட்டு நம்ப முடியாது. யார் என்ன வைத்துவிட்டுப் போனார் என்று உள்ளிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. வட்டை முழுக்க அழித்து, டெபியனைப் புதிதாக நிறுவி, கணக்குக் கோப்புகளை மட்டும் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. இந்த முறை செட்யுஐடிப் பட்டியலை `-xdev` இல்லாமல் எடுத்து, ஒவ்வொரு வரியும் எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்று `dpkg -S` கொண்டு பார்த்து எழுதிக் கொடுத்தேன். எந்தத் தொகுப்புக்கும் சொந்தமில்லாத செட்யுஐடி நிரல் ஒன்று இருந்தால், அதை வைத்தவர் யார் என்ற கேள்விக்கு ஒரு ஆள் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கை என்ன செய்வது என்பதுதான் மிஞ்சியது. `nagal` இருந்த காலத்தின் எடைகளை, மிச்சமிருந்த அடிக்கட்டைகளோடு நானும் கணக்கரும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். அடிக்கட்டை இருந்தவரை, அந்த ஒரு கைப்பிழை தவிர எல்லாம் பொருந்தின. ஆனால் பழைய புத்தகங்கள் சில ஈரத்தில் ஒட்டிப்போய்ப் பிரிக்க முடியாமல் இருந்தன, சில கிடைக்கவே இல்லை. அந்த மாதங்களில் இலை கொடுத்தவர்கள் யாராவது தங்கள் சீட்டை வைத்திருந்தால், அதைக் கொண்டுவந்து காட்டலாம் என்று எடை போடும் இடத்தில் அறிவிப்பு ஒட்டச் சொன்னேன். ஒட்டினார்கள். பெயர் போட வேண்டுமா என்று மானேஜர் கேட்டார். கணினியைப் பார்த்துக்கொண்டவரின் தவறு என்று என் பெயரோடு போடச் சொன்னேன். சீட்டும் இல்லாமல், அடிக்கட்டையும் இல்லாமல் இருக்கிறவர்களின் எடை சரியா என்று கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களில் சிலரைப் பந்தலூர் பஜாரில் பார்க்கிறேன், அவர்களிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.